இருக்கிற வீடும் இல்லாத வீடும்: மணமான முதல் வருடத்தில் பணத்தைப் பேசி வைப்பது எப்படி

கல்யாணமான இரண்டாவது மாதம் அம்மாவுக்கு அவசரமாகக் கொஞ்சம் பணம் தேவைப்பட்டது. இரவே அனுப்பிவிட்டேன். காலையில் கணவரிடம் சொன்னபோது, "சரி, எப்போ திருப்பித் தருவாங்க?" என்று கேட்டார். அவர் அதைச் சாதாரணமாகத்தான் கேட்டார். அவர் வளர்ந்த வீட்டில் பணம் கை மாறினால் அது கடனா, அன்பளிப்பா என்று அப்போதே சொல்லிவிடுவார்கள். நான் வளர்ந்த வீட்டில் அப்படி இரண்டு வகை கிடையாது. கையில் இருக்கிறவர் கொடுப்பார், இல்லாதவர் வாங்கிக்கொள்வார், அடுத்த முறை அது திரும்பி நடக்கும். அந்த ஒரு கேள்விக்காக மூன்று நாள் நான் அவரோடு சரியாகப் பேசவில்லை. ஏன் பேசவில்லை என்று அவருக்குக் கடைசி வரை புரியவில்லை.

வசதியில் பெரிய இடைவெளி இருக்கும் இரண்டு வீடுகளிலிருந்து வந்து மணம் செய்துகொண்டவர்களுக்காக, செய்யப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பலரும் சம்பள வித்தியாசத்தைத்தான் பிரச்சினை என்று நினைக்கிறார்கள். அது கண்ணுக்குத் தெரிவதால் பேசித் தீர்த்துவிடலாம். தெரியாமல் இருப்பது இன்னொன்று: உங்களில் ஒருவர் விழுந்தால் தாங்கிப் பிடிக்கப் பின்னால் ஒரு வீடு நிற்கிறது. மற்றவர், பின்னால் நிற்கும் ஒரு வீட்டையே தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறார். இரண்டு பேரும் ஒரே அலுவலகத்தில் ஒரே சம்பளம் வாங்கினாலும் இந்த வித்தியாசம் அப்படியே இருக்கும். செலவு, சேமிப்பு, பரிசு, வெளியே போவது என்று எதில் சண்டை வந்தாலும் தோண்டிப் பார்த்தால் பெரும்பாலும் இதில்தான் போய் நிற்கிறது.

முதல் படி: யாருக்கு யார் நிற்கிறார்கள் என்று எழுதுங்கள்

கல்யாணத்துக்கு முன்பே செய்தால் நல்லது. முடிந்துவிட்டிருந்தால் இந்த வாரம் செய்யுங்கள். ஆளுக்கொரு தாள் எடுத்துத் தனித்தனியாக எழுத வேண்டும். மாதாமாதம் நான் யாருக்கு எவ்வளவு கொடுக்கிறேன், எந்தக் கடனுக்குத் தவணை கட்டுகிறேன், அவை எப்போது முடியும் என்பது ஒரு பக்கம். எனக்கு யார் என்ன தருகிறார்கள் என்பது மறுபக்கம்.

வசதியான வீட்டிலிருந்து வந்தவருக்கு இந்த மறுபக்கத்தை நிரப்புவது கஷ்டம். "எனக்கு யாரும் எதுவும் தருவதில்லை" என்றுதான் முதலில் தோன்றும். கொஞ்சம் நிதானமாக யோசித்தால் பட்டியல் நீளும். காப்பீட்டுத் தவணையை அப்பா கட்டுகிறார், கைபேசிக் கட்டணம் வீட்டுக் கணக்கில் போகிறது, படிப்புக் கடன் என்று ஒன்று இருந்ததே இல்லை, குடும்பத்தோடு ஊர் சுற்றப் போனால் பயணச்சீட்டு தானாக வந்துவிடுகிறது. இதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் தன் சம்பளம் முழுவதும் தன் கையில் நிற்பது தன் சிக்கனத்தால் மட்டும் அல்ல என்று அவர் பார்க்க வேண்டும். அதைப் பார்த்துவிட்டால், "நீயும் என்னை மாதிரிச் சேமிக்கலாமே" என்ற பேச்சு அவர் வாயில் வராது.

இல்லாத வீட்டிலிருந்து வந்தவர் தன் பக்கத்தில் எதையும் மறைக்கக் கூடாது. கூச்சத்தால் பாதி எழுதிவிட்டு மீதியைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விடுவது எல்லாரும் செய்வதுதான். அந்த மீதி பின்னால் பொய்யாக மாறிவிடும். குறிப்பாக, யாருடைய கடனுக்காவது ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் கட்டாயம் சொல்லிவிடுங்கள். கடன் வாங்கியவர் கட்டாமல் போனால் பாக்கியை ஜாமீன் போட்டவரிடம் கேட்பார்கள். கையிலிருந்து இன்றைக்கு ஒன்றும் போகவில்லை என்றாலும் அது உங்கள் குடும்பத்தின் மேல் நிற்கும் பொறுப்புதான். இனி இருவரும் பேசாமல் எதற்கும் ஜாமீன் போடுவதில்லை என்று அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது படி: எதைப் பங்கிடுவது என்று முடிவு செய்யுங்கள்

எனக்குத் தெரிந்த ஒரு தம்பதியின் கணக்கைச் சொல்கிறேன். எந்த ஊருக்கும் பொருந்தட்டும் என்று பணமாகச் சொல்லாமல் பங்காகச் சொல்கிறேன். இருவரின் மாத வருமானத்தையும் சேர்த்து 100 பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். கணவர் இல்லாத வீட்டுப் பிள்ளை, நன்றாகப் படித்து மேலே வந்தவர். அவர் வருமானம் 55. மனைவி வசதியான வீட்டுப் பெண், அவர் வருமானம் 45. கணவர் பெற்றோருக்கு 12, தம்பி படிப்புக்கு 6, பழைய கடனுக்கு 7 என்று மாதம் 25 கொடுக்கிறார். மனைவி யாருக்கும் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. ஆகக் கையில் மிஞ்சுவது கணவருக்கு 30, மனைவிக்கு 45.

வீட்டுச் செலவுக்கும் சேமிப்புக்கும் சேர்த்துப் பொதுவில் 50 போட வேண்டும். முதலில் அவர்கள் ஆளுக்குப் பாதி என்று வைத்தார்கள். நியாயமாகத்தான் தெரிந்தது. 25 போட்டதும் கணவர் கையில் 5 மிஞ்சியது, மனைவி கையில் 20. நண்பர்களோடு வெளியே போகும்போதெல்லாம் கணவர் ஏதோ காரணம் சொல்லி வீட்டிலேயே தங்கினார். மனைவி அதை விருப்பமின்மை என்று எடுத்துக்கொண்டார்.

அப்புறம் வருமானத்துக்கு ஏற்றபடி போடலாம் என்று மாற்றினார்கள். பல இடங்களில் சொல்லப்படும் யோசனைதான் அது. இவர்களுக்கு இன்னும் மோசமாகப் போயிற்று. கணவர் 27.5 போட வேண்டியிருந்தது, கையில் 2.5தான் மிஞ்சியது. சம்பளம் அதிகம் வாங்குபவர் கையில் காசு குறைவு. வருமானத்தை வைத்துப் பங்கிட்டால் அவர் தோளில் இருக்கும் சுமை கணக்குக்குள் வருவதே இல்லை.

கடைசியில் கடமைகள் போக மிஞ்சுவதை வைத்துப் பங்கிட்டார்கள். 30க்கு 45, அதாவது 2க்கு 3. கணவர் 20, மனைவி 30 போட்டார்கள். கையில் மிஞ்சியது அவருக்கு 10, இவருக்கு 15. இன்னும் சமம் இல்லைதான். ஆனால் இரண்டு பேருமே கேட்காமல் செலவு செய்ய ஒரு தொகை வந்தது. இருவர் கையிலும் ஒரே அளவு மிஞ்சட்டும் என்று விரும்பினால் கணவர் 17.5, மனைவி 32.5 போட்டு ஆளுக்கு 12.5 வைத்துக்கொள்ளலாம். நான் முதல் வருடத்துக்கு 2க்கு 3 போன்ற ஏற்பாட்டையே சொல்வேன். அதிகம் வாங்கிக்கொள்கிறோமோ என்ற உறுத்தல் புதிதில் இல்லாத வீட்டுக்காரருக்கு இருக்கும். கையிருப்பைச் சமமாக்குவது பழகிய பிறகு வரட்டும்.

இந்தக் கணக்கில் ஒன்றைக் கவனியுங்கள். பெற்றோருக்குப் போகும் 12 முதல் செலவாக எடுக்கப்பட்டிருக்கிறது. எல்லாம் போக மிச்சத்திலிருந்து கொடுப்பது என்று வைத்தால் ஒவ்வொரு மாதமும் அது ஒரு கோரிக்கை ஆகிவிடும். கேட்பவருக்கும் கொடுப்பவருக்கும் அது நல்லதல்ல.

பொதுக் கணக்கு வேண்டுமா, எல்லாம் தனித்தனியாகவே இருக்கட்டுமா என்று பலர் கேட்பார்கள். அமெரிக்காவில் ஜென்னி ஓல்சனும் அவருடைய குழுவினரும் 230 ஜோடிகளை, நிச்சயமானவர்களையும் புதிதாக மணமானவர்களையும், இரண்டு வருடம் தொடர்ந்து பார்த்து 2023இல் முடிவை வெளியிட்டார்கள். பொதுக் கணக்கு தொடங்கச் சொல்லப்பட்டவர்களின் உறவு பெரிய சரிவில்லாமல் நின்றது. தனிக் கணக்கோடு இருக்கச் சொல்லப்பட்டவர்களிடம் வழக்கமான சரிவு தெரிந்தது. அதற்காக எல்லாவற்றையும் ஒன்றில் கொட்ட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். வசதி இடைவெளி இருக்கும் வீட்டில் ஒரு பொதுக் கணக்கும் ஆளுக்கொரு சிறு தனிக் கணக்கும் இருப்பது நல்லது. தனிக் கணக்கில் மற்றவர் எட்டிப் பார்க்கக் கூடாது. ஒருவர் செருப்பு வாங்கட்டும், மற்றவர் அம்மாவுக்கு ஏதாவது வாங்கட்டும், விலை கேட்க வேண்டாம்.

மூன்றாவது படி: எதிர்பாராததற்கு ஒரு சிறு நிதி

அந்தப் பொதுவான 50ஐ அவர்கள் எப்படிப் பிரித்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். வீட்டுச் செலவு 40, சேமிப்பு 7. மீதி 3 இரு வீட்டு உறவுகளின் அவசரத் தேவைக்கு. இந்த 3தான் அவர்களைக் காப்பாற்றியது என்று மனைவியே என்னிடம் சொன்னார்.

இல்லாத வீட்டில் செலவுகள் சொல்லிவிட்டு வருவதில்லை. கையிருப்பு இல்லாத இடத்தில் ஒரு காய்ச்சல்கூட நெருக்கடிதான். வாகனம் பழுதானால் வேலைக்குப் போக முடியாது, வேலைக்குப் போகாவிட்டால் வாடகை நிற்கும். அப்போது உங்களுக்குத்தான் அழைப்பு வரும். தனி நிதி இல்லாவிட்டால் ஒவ்வொரு அழைப்பும் வீட்டில் ஒரு விசாரணையாக மாறும்: உண்மையிலேயே அவசரமா, போன மாதம்தானே கொடுத்தோம், அண்ணன் என்ன செய்கிறார்? கேள்விகள் நியாயமாக இருக்கலாம். பதில் சொல்கிறவருக்குத் தன் வீட்டையே கூண்டில் ஏற்றியது போல இருக்கும்.

நிதி இருந்தால் விதி எளிது. அதில் இருக்கிற அளவுக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், அனுப்பிய அன்றே சொன்னால் போதும். அதற்கு மேல் தேவைப்பட்டால் இருவரும் பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். அனுப்பியதைத் திரும்பி வராத பணமாகவே எழுதுங்கள், வந்தால் நிதியில் சேரட்டும். நிதி அடிக்கடி காலியானால் அந்த மாதாந்தத் தொகை போதவில்லை என்று அர்த்தம். அப்போது தொகையை மாற்றிப் பேச வேண்டுமே தவிர, ஆளைக் குறை சொல்லக் கூடாது.

தனக்குத் தெரியாமல் துணை வீட்டுக்குப் பணம் அனுப்பியிருக்கிறார் என்று கண்டுபிடித்தால் என்ன செய்வது? கோபம் வரும், வரட்டும். ஆனால் முதல் கேள்வி "ஏன் மறைச்சீங்க?" என்று மட்டும் இருக்கட்டும், தொகையைப் பற்றி அப்போது பேச வேண்டாம். சொன்னால் முகம் சுளிப்பார்கள் என்ற பயம்தான் பெரும்பாலும் பதிலாக வரும். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பதைப் பேசுங்கள். சூதாட்டம், போதை போன்ற ஒன்றுக்குப் பணம் போகிறதென்றால் அது வேறு விஷயம். அங்கே பண ஏற்பாடு தீர்வாகாது.

நான்காவது படி: பெரிய வீட்டிலிருந்து வரும் உதவி

வசதியான பெற்றோர் சும்மா இருக்க மாட்டார்கள். வீடு வாங்க முன்பணம் தருவார்கள், வாகனம் வாங்கித் தருவார்கள். ஆசையோடுதான் தருகிறார்கள். வாங்கும் முன் நான்கு விஷயங்களை மட்டும் அவர்களிடமே மரியாதையாகக் கேட்டுவிடுங்கள். இது அன்பளிப்பா, கடனா? யார் பெயரில் இருக்கும்? இதோடு ஏதாவது எதிர்பார்ப்பு சேர்ந்து வருகிறதா? வெளியே சொல்லலாமா? கேட்க வேண்டியது அந்த வீட்டுப் பிள்ளை. மருமகனோ மருமகளோ கேட்டால் பேராசையாகத் தெரியும், அந்தச் சங்கடத்தை அவர்களுக்குக் கொடுக்காதீர்கள்.

ஒரு முறை வரும் பெரிய பரிசை விட மாதாமாதம் வரும் சிறு உதவிதான் எனக்குக் கவலை. வாடகையில் பாதியைப் பெற்றோர் கட்டினால் உங்கள் வாழ்க்கை உங்கள் வருமானத்துக்கு மேலே ஒரு படியில் உட்கார்ந்துவிடும். பிறகு இறங்க முடியாது. அதற்குள் யார் வீட்டில் என்ன மாற்ற வேண்டும் என்று சொல்லும் உரிமையும் அந்தப் பணத்தோடு வந்திருக்கும். சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. மூன்று மாதம் அந்த உதவியைத் தொடாமல் தனியாக எடுத்து வையுங்கள். அது இல்லாமல் மாதம் ஓடினால் அது பரிசு. ஓடவில்லையென்றால் உங்கள் வீடு அதன் மேல்தான் நிற்கிறது. சின்ன வீட்டுக்கு மாறுவதா, எதிர்பார்ப்புகளோடு சேர்த்து ஏற்றுக்கொள்வதா என்று அப்போது தெரிந்தே முடிவெடுக்கலாம்.

சொல்லிக்காட்டுவது என்ற ஒன்று இருக்கிறது. கொடுத்ததைக் கோபத்தில் எடுத்துப் பேசுவது. இதைத் தம்பதி இருவரும் முதலிலேயே விலக்கி வைக்க வேண்டும். "எங்க அப்பா கொடுத்த வீட்லதானே இருக்கோம்" என்று ஒரு முறை வாயில் வந்துவிட்டால் அந்த வீடு மற்றவருக்கு அதற்குப் பிறகு தன் வீடாக இருக்காது. "நீங்க பணக்காரங்க, உங்களுக்கு என்ன தெரியும்" என்பதும் அதே காரியத்தைத்தான் செய்கிறது. இல்லாமையை ஆயுதமாக எடுப்பதற்கு யாரும் கண்டிப்பதில்லை என்பதால் அது இன்னும் சுலபமாக வாயில் வருகிறது.

அன்றாடம் உரசும் இடங்கள்

ஜெஸி ஸ்ட்ரெய்ப் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் இப்படிப்பட்ட தம்பதிகளிடம் நீண்ட பேட்டிகள் எடுத்திருக்கிறார். இருவருமே கல்லூரி படித்தவர்கள், ஆனால் ஒருவரின் பெற்றோர் உடலுழைப்பு வேலை செய்தவர்கள், மற்றவரின் பெற்றோர் படித்து உத்தியோகம் பார்த்தவர்கள். மணமாகிப் பல வருடம் கழித்தும் வளர்ந்த வீட்டின் சாயல் போகவில்லை என்று அவர் கண்டார். உத்தியோக வீட்டிலிருந்து வந்தவர்கள் பணம், நேரம், ஓய்வு எல்லாவற்றையும் திட்டமிட்டு நடத்தப் பார்க்கிறார்கள். உழைப்பாளி வீட்டிலிருந்து வந்தவர்கள் வருவது வரட்டும், வரும்போது பார்ப்போம் என்று விடுகிறார்கள்.

பின்னதைச் சோம்பல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். திட்டம் போட்டால் அது நடக்கும் என்ற அனுபவம் இருப்பவருக்குத்தான் திட்டம் போடத் தோன்றும். சேர்த்து வைத்த காசெல்லாம் யாருடைய மருத்துவத்துக்கோ போய்விடும் வீட்டில் வளர்ந்தவர் ஐந்து வருடத் திட்டத்தை எப்படி நம்புவார்? அவரிடம் மூன்று மாதத் திட்டம் பேசுங்கள். அது நடந்து முடிந்ததைப் பார்த்த பிறகு ஆறு மாதம் பேசலாம்.

இதே போலத்தான் பழுது பார்ப்பதும் புதிது வாங்குவதும். ஒரு மின்விசிறி நின்றால் ஒருவர் கழற்றிப் பார்ப்பார், மற்றவர் புதிதுக்குச் சொல்லிவிடுவார். பழைய டப்பா, நூல், அட்டைப் பெட்டி எதையும் ஒருவர் தூக்கிப் போட விட மாட்டார். அவருக்கு அவை நாளைக்குக் காசு கொடுத்து வாங்க வேண்டியிராத பொருட்கள். எங்கள் வீட்டில் ஓர் அலமாரி எனக்கு. அதில் என்ன வைத்தேன் என்று அவர் கேட்பதில்லை, அலமாரிக்கு வெளியே வந்தால் எறியலாம். பொதுப் பணத்தில் வாங்கும் பொருளுக்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறோம். அந்த வரம்புக்கு மேல் போனால் இரண்டு நாள் கழித்துத்தான் வாங்குவது.

வெளியே போவது தனிச் சங்கடம். வசதியான பக்கத்து உறவினர்கள் ஓர் இடத்தைச் சொல்லி வரச் சொல்வார்கள். அங்கே ஆளுக்கு என்ன ஆகும் என்று துணைக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும், யார் கொடுக்கிறார்கள் என்றும் தெரிய வேண்டும். மேஜையில் உட்கார்ந்த பிறகு தெரிந்தால் அவரால் நிம்மதியாகச் சாப்பிட முடியாது. அவர்கள் கொடுத்தால் நன்றி சொல்லி ஏற்றுக்கொள்ளுங்கள். அடுத்த முறை உங்கள் அளவுக்கு வீட்டிலேயே அழைத்துவிடுங்கள், அதே அளவுக்குத் திருப்பிச் செய்யப் பார்க்க வேண்டாம். இருவரும் மட்டும் போகும்போது இடத்தை மாற்றி மாற்றித் தேர்வு செய்யலாம். துணை தேர்ந்தெடுத்த இடத்தைப் பார்த்து "இங்கயா?" என்று கேட்காமல் இருப்பது மிக முக்கியம்.

இல்லாத வீட்டுக்குப் போகும்போது வசதியான துணை செய்யும் தவறும் உண்டு. அள்ளிக்கொண்டு போவார், அல்லது வேண்டுமென்றே எளிமையாக நடிப்பார். இரண்டும் அங்கே இருப்பவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். எப்போதும் உடுத்துவதை உடுத்திக்கொண்டு போங்கள். அவர்கள் கொடுப்பதை மறுக்காதீர்கள். "எதுக்கு உங்களுக்குச் சிரமம்" என்ற பேச்சு, உங்களிடம் இல்லையே என்று சொல்வது போலக் காதில் விழும்.

எங்கே பிசகுகிறது என்று எப்படித் தெரியும்

பெரிய சண்டைக்கு முன்பே சின்ன அடையாளங்கள் தெரியும். வாங்கிய பொருளின் விலைச்சீட்டைக் கிழித்துவிட்டு உள்ளே கொண்டு வருவது. விலையைக் குறைத்துச் சொல்வது. வெளியே போக அழைத்தால் மூன்று முறையும் தலைவலி என்பது. ஒரு பக்கத்துப் பெற்றோர், மற்றவர் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து வந்துபோவது. "நம்ம வீடு" என்ற சொல் குறைந்து "உங்க வீட்ல", "எங்க வீட்ல" என்று பேச்சில் திரும்பத் திரும்ப வருவது. இதில் ஏதாவது இரண்டைக் கண்டால் அந்த வாரமே உட்கார்ந்து பேசுங்கள். இரவில் வேண்டாம், மாதக் கடைசியில் வேண்டாம், யாருக்காவது பணம் அனுப்பிய அன்றும் வேண்டாம்.

அடையாளம் இல்லாவிட்டாலும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை அந்த முதல் தாளை எடுத்துத் திருத்த வேண்டும். கடமைகள் மாறிக்கொண்டே இருக்கும். முன்பு சொன்ன தம்பதிக்கு இரண்டாவது வருடம் தம்பியின் படிப்பு முடிந்தது. கணவர் கையில் மாதம் 6 பங்கு விடுபட்டது. அந்த 6ம் சேமிப்புக்குப் போகும் என்று மனைவி நினைத்தார். இத்தனை வருடம் கொடுத்த பிறகு தன் கைக்கே வரும் என்று கணவர் நினைத்தார். தாளை எடுத்து மறுபடி கணக்குப் போட்டார்கள். இப்போது மிஞ்சுவது 36க்கு 45, அதாவது 4க்கு 5. பொதுப் பணத்தை 54 ஆக்கினார்கள். கணவர் 24, மனைவி பழைய 30. கணவர் கையில் நின்றது 10லிருந்து 12 ஆனது, மனைவிக்கு 15 மாறவில்லை. கூடுதல் 4ஐ உறவுத் தேவை நிதிக்கே போடலாம் என்று மனைவிதான் சொன்னார். மாமியாருக்குக் கண் அறுவை சிகிச்சை செய்ய வேண்டியிருப்பது, கணவர் சொல்லாமலேயே, அவருக்குத் தெரிந்திருந்தது.